பாதியில் தூங்கிப்போனாலும் பரவாயில்லாத தொடர்

“அண்ணன் நிமோனியாவால் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். விடிய விடிய கிரைம் தொடர் பார்த்தவர், இப்போது எதைப் போட்டாலும் பத்து நிமிடத்தில் அணைக்கச் சொல்கிறார். ‘ஃபீல் குட்’ என்று தேடிப் போட்ட இரண்டும் சரிப்படவில்லை. மனசை அலைக்கழிக்காத தொடரை எப்படிக் கண்டுபிடிப்பது?”

நீங்கள் தேடிய சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. ‘ஃபீல் குட்’ என்பது கதையின் முடிவைப் பார்த்துக் குத்தப்படும் முத்திரை. கடைசியில் கண்ணீர் மல்கச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஆளை ஒரு பள்ளத்தில் இறக்கியாக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறவர் அந்தப் பள்ளத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுவார். உங்கள் அண்ணனுக்கு இப்போது அந்த மூச்சு இல்லை. ‘டெட் லாஸோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். மனதுக்கு இதமான தொடர் எது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள், நல்ல தொடரும்கூட. ஆனால் முதல் சீசனிலேயே அதன் நாயகனுக்குத் திருமணம் முறிகிறது. மூச்சுத் திணறும் பீதித் தாக்குதல் வருகிறது. நிமோனியாவிலிருந்து எழுந்து வந்தவர் திரையில் முதலில் பார்க்க வேண்டியது இன்னொருவர் மூச்சுக்குத் தவிப்பதையா?

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எடிட்டிங் செய்வது என் பிழைப்பு. எபிசோடு முடிகிற நேரத்தில் பார்ப்பவரின் கை ரிமோட்டுக்குப் போகாமல் தடுப்பதற்குத்தான் எங்களுக்குப் பெரும்பாலும் சம்பளம். ஒரு கேள்வியைத் திறந்து வைத்துவிட்டு, மூடாமல் எழுந்து போவது எங்கள் கைத்தொழில். சில வருடங்களுக்கு முன்பு மஞ்சள் காமாலை வந்து ஆறு வாரம் படுத்திருந்தபோதுதான் அந்த வேலையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு குடும்பத் தொடரில் கதவு தட்டப்படுகிறது, யார் என்று காட்டாமல் எபிசோடு முடிகிறது. அவ்வளவுதான், அந்த ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று மறுநாள் தெரிந்தது.

அப்போது கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன். தொடர் எந்த வகை என்று பார்க்காதீர்கள், அதன் எபிசோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காமெடி என்ற பெயரில் நரம்பை முறுக்குகிறவை இருக்கின்றன. கொலைக் கதையிலேயே தாலாட்டு மாதிரியானவையும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இரண்டு கேள்விகள் போதும். இதில் எல்லாம் கெட்டுப்போனால் என்ன நஷ்டம்? எபிசோடு தொடங்கிய விஷயம் அந்த எபிசோடிலேயே முடிகிறதா?

நஷ்டம் என்று சொல்வதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். 2020-இல் வந்த ‘பஞ்சாயத்’ என்ற இந்தித் தொடரின் முதல் சீசன் எட்டு எபிசோடு. வேறு வேலை கிடைக்காமல் ஒரு கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலராக வரும் பட்டதாரி இளைஞன்தான் நாயகன். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி ஒன்று வாங்குகிறான், அதில் யார் உட்காருவது என்று மனத்தாங்கல். அலுவலகக் கணினியின் மானிட்டர் திருட்டுப் போகிறது. ஒரு மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் நம்புகிறது. ஒவ்வொன்றும் அந்தந்த எபிசோடுக்குள் வந்து, அங்கேயே தீர்ந்துபோகிறது. யாரும் வில்லன் இல்லை. தோற்றால் போவது நாற்காலியும் கொஞ்சம் கௌரவமும்தான். நான் கேட்பதற்கு அச்சாகப் பொருந்துகிற சீசன் அது. தமிழில் இதே கதையை 2024-இல் ‘தலைவெட்டியான் பாளையம்’ என்று எட்டு எபிசோடுகளாக எடுத்தார்கள். சப்டைட்டில் படிக்கச் சலிப்பவருக்கு அது வசதி.

ஆனால் இதே ‘பஞ்சாயத்’தான் என்னிடம் வந்த புகார்களிலேயே மோசமான புகாருக்கும் காரணம். கருப்பை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு தோழிக்கு முதல் சீசனைச் சொன்னேன். அவளுக்குப் பிடித்துப்போய், என்னிடம் கேட்காமலேயே இரண்டாவது சீசனையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டாள். அதன் கடைசி எபிசோடில், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பாத்திரங்களில் ஒருவரின் ராணுவ வீரரான மகன் இறந்துவிடுகிறான். கதையாக நேர்மையானது, அழகாகவும் எடுத்திருந்தார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதிருக்கிறாள். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள் மறுநாள். மூன்றாவது சீசன் இன்னும் கனமானது. துப்பாக்கிச் சூட்டில் போய் முடிகிறது.

எழுத்தாளர்களுக்குப் பாத்திரங்கள் மீது பிரியம் கூடக் கூட அவர்களுக்குக் கஷ்டம் கொடுக்கத் தோன்றும், இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் எந்தத் தொடரையும் மொத்தமாகப் பரிந்துரைக்காதீர்கள், சீசன் கணக்கில் சொல்லுங்கள். லேசாக ஆரம்பிக்கிற பல தொடர்கள் இரண்டாவது சீசனின் முடிவில் கனமாகிவிடுகின்றன. அங்கே முன்னெச்சரிக்கையாக ஒரு கோடு கிழித்துவிடுங்கள்.

சரி, பதினைந்து நிமிடத்தில் ஒரு தொடரைச் சோதிப்பது எப்படி என்று சொல்கிறேன். அண்ணன் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். முதலில் மூன்றாவது எபிசோடின் கடைசி ஐந்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் எபிசோடு எப்போதும் ஆளைப் பிடிக்க எடுத்ததாக இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்றாவதில்தான் தொடரின் அன்றாட நடை தெரியும். அந்த ஐந்து நிமிடத்தில் ஆட்கள் உட்கார்ந்து பேசி, சிரித்து, விளக்கை அணைத்தால் நல்லது. போன் மணி அடித்து ஒருவர் முகம் மாறுகிற இடத்தில் திரை கறுத்தால் அதை எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்து, சீசனின் கடைசி எபிசோடின் கதைச்சுருக்கத்தைப் படியுங்கள். கதை தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், தெரிய வேண்டியது உங்களுக்குத்தானே. பிறகு doesthedogdie.com என்ற தளத்தில் தொடரின் பெயரைத் தட்டுங்கள். நாய் இறக்கிறதா என்று சொல்வதற்காகத் தொடங்கிய தளம் அது. இப்போது ஆஸ்பத்திரிக் காட்சி உண்டா, ஊசி உண்டா, யாராவது வாந்தி எடுக்கிறார்களா என்பதுவரை பார்வையாளர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் அண்ணனைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி, மூச்சுத் திணறல், தண்ணீரில் மூழ்குதல் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். வார்டில் படுத்திருந்தவர்களுக்கு மானிட்டரின் ‘பீப்’ சத்தம் ஒன்றே போதும், வயிறு இறுகிவிடும். பெரும்பாலும் அவர்களுக்கே காரணம் பிடிபடாது, “இது வேண்டாம், மாத்து” என்று மட்டும் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன சத்தம் வந்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்களேன்.

கடைசியாக நான் பார்ப்பதற்குத் தூக்கச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறேன். எபிசோடின் நடுவில் பத்து நிமிடம் தாண்டிப் போங்கள். விட்ட இடம் புரியாமல் பின்னால் போகத் தோன்றுகிறதா? அப்படியென்றால் இப்போதைக்கு வேண்டாம். தொற்று நோயிலிருந்து மீள்கிறவர் பகலில் எந்த நிமிடமும் கண் அசருவார். விழித்ததும் ‘என்ன ஆச்சு, யார் இவன்?’ என்று கேட்க வைக்கிற தொடர் அவருக்கு இன்னொரு வேலைதான்.

இந்தச் சோதனையில் முதல் மார்க் வாங்குவது ஒரு தொடர்கூட இல்லை, பாப் ராஸ் என்ற ஓவியர் நடத்திய ‘தி ஜாய் ஆஃப் பெயின்டிங்’. 1983 முதல் 1994 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 403 எபிசோடுகள் வந்தன, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடியும். யூடியூபில் பாருங்கள், கிடைக்கும். கறுப்புப் பின்னணி, ஒரு மனிதர், ஒரு துணித்திரை. வெறும் திரையில் தொடங்கி மலையும் மரமுமாக முடியும். அவர் குரல் எந்த இடத்திலும் ஏறாது, பின்னணி இசை கிடையாது, கேட்பது திரையில் தூரிகை உரசும் சத்தம்தான். நடுவில் தூங்கி எழுந்தால் படத்தில் ஒரு மரம் கூடியிருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். ஆங்கிலம் புரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்துக்கு இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இதையும் தாண்டி மெதுவாகப் போகிறது நார்வேயின் அரசுத் தொலைக்காட்சி. 2009-இல் பெர்கன் நகருக்கும் ஓஸ்லோவுக்கும் இடையிலான ஏழு மணி நேரத்துக்கும் அதிகமான ரயில் பயணத்தை வெட்டாமல் ஒளிபரப்பினார்கள். 2011-இல் கடலோரக் கப்பல் பயணம் ஒன்றை 134 மணி நேரம் நேரலையாகக் காட்டினார்கள். எடிட்டராக என் தொழிலுக்கே அவமானம், ஆனால் நடு ராத்திரியில் தூக்கம் வராதவருக்கு அது மருந்து. ஒரு எச்சரிக்கை உண்டு. ரயிலின் முன்பக்கக் கேமரா தண்டவாளத்தை விழுங்கிக்கொண்டே போகிற காட்சி, தலைசுற்றல் இருப்பவருக்குக் குமட்டலைக் கொண்டுவரும். அவருக்குக் கப்பல்தான் சரி. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டவருக்கானால் என் பட்டியல் எதுவுமே வேண்டாம். முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்று 2021-இல் வந்த ஒரு மருத்துவ ஆய்வு சொல்கிறது.

அண்ணனுக்கு இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும், நுரையீரல் இன்னும் புண்ணாக இருக்கலாம். வாய்விட்டுச் சிரித்தால் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். நல்ல காமெடி போட்டுவிட்டு ஏன் அணைக்கச் சொல்கிறார் என்று வீட்டில் குழம்புவார்கள். வயிற்றில் தையல் போட்டவர்களுக்கும் இதே கதைதான். சிரிப்போ இருமலோ வரும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆகவே இப்போது தேவை புன்னகைக்க வைப்பவை. வெடிச்சிரிப்பு ரகத்தை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதமான நிகழ்ச்சிகள் என்ற பட்டியலில் எப்போதும் வரும் இரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ கேக், ரொட்டி சுடும் போட்டிதான், ஆனால் ஜெயித்தவருக்குப் பணப் பரிசு கிடையாது, போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள். எல்லாச் சுற்றிலும் கடிகாரம் ஓடும், கடைசிச் சுற்றின் முடிவில் இசை ஏறும், பிறகு ஒருவர் வெளியேறுவார். அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்குகிற நிலைக்கு வந்த பிறகு போடுங்கள். ‘தி ரிப்பேர் ஷாப்’ உடைந்த பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தால் கைவினைஞர்கள் சரி செய்து தருகிற நிகழ்ச்சி. அந்த வேலையைப் பார்ப்பது அவ்வளவு சுகம். ஆனால் பொருளைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் இறந்துபோன அப்பாவையோ அம்மாவையோ பற்றிப் பேசுவார்கள். துக்கத்திலிருந்து மீள்கிறவருக்கு அது உகந்ததல்ல.

ஜப்பானியர்கள் இதற்கென்றே ஒரு வகையை வைத்திருக்கிறார்கள், பெயர் ‘இயாஷிகேய்’, ஆற்றும் தன்மையுள்ளது என்று பொருள். 2018-இல் வந்த ‘யூரு கேம்ப்’ அனிமே அதற்கு நல்ல மாதிரி. பள்ளி மாணவிகள் குளிர்காலத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள், மலையைப் பார்க்கிறார்கள், நெருப்பு மூட்டுகிறார்கள். பன்னிரண்டு எபிசோடிலும் பெரிய பிரச்சினை குளிர்தான். அனிமே என்றால் குழந்தைகளுக்கானது என்று அண்ணன் முகம் சுளித்தால் வற்புறுத்த வேண்டாம். சப்டைட்டில் படிப்பதும் ஒரு உழைப்புதான், அதை மறந்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அவர் ஏற்கெனவே பார்த்து ரசித்த தொடர் ஏதாவது இருந்தால் அதையே திரும்பப் போடலாம். பார்த்ததையே பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை. 2011-இல் கலிஃபோர்னியாவில் ஒரு ஆய்வு நடந்தது. சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள் பொதுவாகக் கூடுதலாகவே ரசித்தார்கள். அடுத்து என்ன என்ற பதற்றம் போய்விட்டால் மனம் மற்றதைப் பார்க்க ஆரம்பிக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். களைத்த மூளைக்கு அது இன்னும் பொருந்தும்.

தொடரைத் தேர்ந்தெடுத்தாலும் ரிமோட்டைக் கையில் கொடுத்ததும் வேறொரு தொல்லை காத்திருக்கும். இத்தனை வருடம் கிரைம் பார்த்தவரின் கணக்கைத் திறந்தால் முகப்பிலேயே பிணமும் கைவிலங்கும்தான் வரிசையாக நிற்கும். அம்புக்குறி ஒன்றின் மேல் நின்றாலே டிரெய்லர் அலறத் தொடங்கும். பலர் சொல்லும் ‘பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது’ என்பதில் பாதி இந்த முகப்பில் தேடி அலைந்த களைப்புதான். அவருக்குப் புதிதாக ஒரு புரொஃபைல் திறந்துவிடுங்கள். அதில் பாப் ராஸ் மாதிரியான நான்கைந்தை மட்டும் பட்டியலில் சேர்த்து வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் என்றால் இணையதளத்தில் அந்தப் புரொஃபைலின் Playback settings பகுதிக்குப் போய் இரண்டு குறிகளையும் எடுத்துவிடுங்கள்: Autoplay next episode in a series on all devices, Autoplay previews while browsing on all devices. முதலாவதை எடுத்துவிட்டால் எபிசோடு முடிந்ததும் திரை அமைதியாகக் காத்திருக்கும், அவர் தூங்கியிருந்தால் தூங்கட்டும். டிவியின் ஒலி அமைப்பில் இரவு முறை இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், திடீர் சத்தங்களை அது அமுக்கிவிடும். வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டி வைத்திருக்கும்போது கதவு சாத்தும் சத்தம் வெடிகுண்டு மாதிரி விழுகிற தொல்லை குறையும்.

முதல் வாரத்துக்கு ஓவியமும் பழைய தொடரும் போதும். இரண்டாவது வாரத்தில் ‘பஞ்சாயத்’ முதல் சீசனோ ‘தலைவெட்டியான் பாளையமோ’ பகலில் ஒரு எபிசோடு. அவர் முகத்தைப் பார்த்தே பொருந்துகிறதா என்று சொல்லிவிடலாம். தோள் தளர்ந்து, பார்வை திரையில் நின்று, நடுவில் உங்களிடம் ஏதாவது பேசினால் சரியாகப் போகிறது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தாலோ, அணைத்த பிறகும் அதே காட்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாலோ, அது அதிகமாகிவிட்டது. மூன்றாவது வாரம் வாக்கில், “என்னடா இது, ஒண்ணுமே நடக்கலையே” என்று எரிந்து விழுந்தால் சந்தோஷப்படுங்கள், தெம்பு வந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல், சாப்பாடு பேச்சு எல்லாவற்றிலும் அக்கறை போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தொடரை மாற்றிப் பயனில்லை. டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், உடம்பு நோய்க்குப் பின்னால் மனச்சோர்வு வருவது உண்டு.

எரிந்து விழுகிற அந்தக் கட்டத்துக்காகத்தான் கொலைக் கதையை ஒதுக்கி வைத்தேன். 1971-இல் அமெரிக்காவில் தொடராக வரத் தொடங்கிய ‘கொலம்போ’வை எடுங்கள். கொலை செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். ரத்தம் அநேகமாகக் கண்ணில் படாது. அதன் பிறகு கசங்கிய மழைக்கோட்டோடு ஒரு துப்பறிவாளர் வருவார், குற்றவாளியின் வீட்டு நாற்காலியில் உட்காருவார், அசட்டுத்தனமாகப் பேசிப் பேசியே மடக்குவார். துரத்தல் கிடையாது, அவர் உயிருக்கு ஆபத்து வருமோ என்ற பயமும் கிடையாது, ஒவ்வொரு வழக்கும் அந்த எபிசோடோடு சரி. யார் செய்தது என்ற கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டால் கிரைம் கதையில் என்ன மிஞ்சும் என்பதை அதைப் போலக் காட்டியது வேறில்லை. ஒரு எபிசோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அண்ணன் பாதியில் தூங்கினாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கொலைகாரன் யார் என்று அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.